ஒரு நிமிஷ அறிமுகத்துல நம்மள ஞாபகம் வைக்க எந்த சின்ன விஷயத்த புடிக்கிறது?

உளுந்துமூட்டை (ரங்கூன்)

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த வியாழக்கிழமை எனக்கு ஒரு இன்டர்வியூ இருக்கு, பருப்பு ஏற்றுமதி கம்பெனி ஒன்னுல குடோன் ஸ்டாக் கணக்கு பாக்குற வேலை. மொதல்ல ஆளுக்கு ஒரு நிமிஷம் தன்னப்பத்தி சொல்லணுமாம், அப்புறம்தான் கேள்வியாம். போன மாசம் வேற ஒரு எடத்துல இதே மாதிரி 14 பேர வட்டமா உக்கார வச்சு பேச சொன்னாங்க, நானும் தடுமாறாம பேசிட்டு சந்தோஷமா இருந்தேன், ஆனா அரை மணி நேரம் கழிச்சு டீ குடிக்க போறப்ப அந்த மேடம் என்ன பாத்து "நீங்கதான டிரைவர் வேலைக்கு வந்தவர்"னு கேட்டாங்க பாருங்க, அப்பவே தெரிஞ்சு போச்சு நான் பேசுனது ஒன்னுகூட அவங்க காதுல நிக்கலன்னு.

நான் பேசுனது இதுதான் (பாமாவுல, அதாவது பர்மா பாஷையில பேசுனேன், தமிழ்ல எழுதுறேன்):

"வணக்கம், என் பேரு மின் னைங், வயசு 24, ரங்கூன்லதான் பொறந்து வளந்தேன். தபால் வழியில பீகாம் முடிச்சிருக்கேன், எல்சிசிஐ கணக்கு பரிட்சை லெவல் 3 பாஸ். ரெண்டு வருஷமா ஒரு ஹார்டுவேர் கடையில ஸ்டாக் எழுதுறேன். நான் கடின உழைப்பாளி, நேர்மையானவன், டீமோட சேந்து வேலை செய்வேன். வாய்ப்பு குடுத்தா நல்லா செய்வேன். நன்றி."

(பேரு மாத்திப் போட்டிருக்கேன், கேக்காதீங்க.) ஏதாவது ஒரு சின்ன பொருள், ஒரு பழக்கம், அந்த மாதிரி ஒன்ன சொன்னா மனசுல நிக்கும்னு ஃப்ரெண்டு சொன்னான். எனக்கு அப்படி ஒன்னுமே இல்லங்க. சாதாரண ஆளு.

லெபெத்தட்டு (ரங்கூன்)

தம்பி, நான் ஹோட்டல்ல ஆள் எடுக்குற பக்கம் 11 வருஷமா உக்காந்திருக்கேன். நீங்க எழுதுனதுல பேர மட்டும் கையால மறைச்சுட்டு படிச்சு பாருங்க. அன்னிக்கு அந்த வட்டத்துல இருந்த மத்த 13 பேர்ல எத்தன பேரு இதே வாக்கியத்த சொல்லியிருக்க முடியும்? பீகாமும் எல்சிசிஐயும் இந்த ஊர்ல கணக்கு வேலைக்கு வர்ற பாதி பேருகிட்ட இருக்கு. கடின உழைப்பாளின்னு சொல்லாத ஆள நான் இதுவரைக்கும் பாத்ததில்ல.

"எனக்கு ஒன்னுமே இல்ல"ன்னு சொல்றது எல்லாரும் சொல்றதுதான், ஏன்னா நமக்கு தினம் பாத்து பழகுனது நம்ம கண்ணுக்கே தெரியாது. அதனால "உன்கிட்ட என்ன ஸ்பெஷல்"னு நான் யாரையும் கேக்குறதில்ல. உங்க கை எந்த பொருள ரொம்ப வருஷமா புடிச்சிருக்கு, அத மட்டும் சொல்லுங்க. வீட்டுலயோ கடையிலயோ. இன்னொன்னு, நீங்க செய்யற எத பாத்து வீட்டுல கேலி பண்ணுவாங்க? இந்த ரெண்டுக்கும் பதில் போடுங்க, அப்புறம் பேசலாம்.

கோ_மின்னல்

இதுக்கு சைன்ஸே இருக்கு ப்ரோ. 1933ல வான் ரெஸ்டார்ஃப்னு ஒரு ஜெர்மன் லேடி கண்டுபுடிச்சது, ஒரே மாதிரி இருக்குற வரிசையில ஒன்னு மட்டும் வித்தியாசமா இருந்தா அதுதான் ஞாபகத்துல நிக்கும். சோ எவ்ளோ விசித்திரமா இருக்கோ அவ்ளோ நல்லது. நான் ஒரு கோர்ஸ்ல "நான் தினம் காலைல பல்லிகிட்ட பேசுவேன்"னு ஆரம்பிச்சேன், ஒரு வருஷம் கழிச்சும் என்ன பாத்தா பல்லின்னுதான் கூப்புடுறாங்க. மறக்கவே முடியல அவங்களால. ஏதாவது ஷாக் குடுங்க.

கமாயுத் தாத்தா

தம்பி பொண்ணு பாக்க போறப்ப ரொம்ப பேசக்கூடாது. பொண்ணு வீட்டுக்காரங்க கேட்டா மட்டும் பதில் சொல்லணும், மாமனார் முன்னாடி கால் மேல கால் போடக்கூடாது. எங்க காலத்துல அறிமுகம்னா அப்பா பேரு, குலதெய்வம், என்ன தொழில், அவ்வளவுதான்.

ஆனா பொருள்னு சொன்னதும் ஞாபகம் வந்துச்சு. நான் பத்தெய்ன் போயிருந்தப்ப ஒரு குடை வாங்கிட்டு வந்தேன், அந்த ஊர் குடைதான் தெரியுமே, மூங்கில் கம்பு, மேல வர்ணம். அத வெயில்லயும் மழையிலயும் கையில வச்சுகிட்டே திரிவேன். கோயில்ல, சந்தையில எல்லாருக்கும் நான் குடைக்காரர். முப்பது வருஷம் ஆச்சு. போன தைப்பூசத்துல அன்னதானத்துக்கு பணம் குடுத்தேன், ரசீது எழுதுற பையன் பேர் கேக்காமலே "குடைக்காரர்"னு எழுதி குடுத்துட்டான். பக்கத்துல இருந்தவங்ககிட்ட கேட்டேன், என் பேர் என்னன்னு. ஒருத்தருக்கும் தெரியல. எல்லாம் முப்பது வருஷமா கூட நின்னு கும்புட்டவங்க.

உளுந்துமூட்டை (ரங்கூன்)

தாத்தா பொண்ணு பாக்க இல்ல, வேலைக்கு 😀 ஆனா குடை கதை சூப்பர்.

அக்கா யோசிச்சு பாத்தேன். எங்கப்பா பருப்பு வியாபாரம், பயின்னாங் சந்தை பக்கம் சின்ன கடை. கையில ரொம்ப வருஷமா புடிச்ச பொருள்னா குத்தூசிதான். எங்க கடையில அப்படித்தான் சொல்லுவோம், ஒரு சாணுக்கு கொஞ்சம் கூட நீளம் இருக்கும், இரும்பு குழா, முனை கூரா இருக்கும், மேல் பக்கம் பாதி வெட்டி வாய்க்கா மாதிரி இருக்கும். மூட்டையில குத்தி சாய்ச்சா உள்ள இருக்குற உளுந்து அந்த வாய்க்கா வழியா உருண்டு கைக்கு வரும். மூட்டைய பிரிக்க வேண்டாம், ஊசிய உருவிட்டு சாக்க லேசா தேச்சு விட்டா ஓட்டையும் மூடிக்கும். 12 வயசுல ஸ்கூல் விட்டு வந்ததும் அதான் என் வேலை.

வீட்டுல கேலி பண்றதுன்னா, எந்த டப்பாவ குடுத்தாலும் நான் அடியில இருந்துதான் எடுத்து பாப்பேன். தங்கச்சி மிக்சர் பாக்கெட் குடுத்தாகூட தலைகீழா கவுத்து பாக்குறேன்னு திட்டுவா. இதெல்லாம் போய் இன்டர்வியூல சொல்ற விஷயமா?

லெபெத்தட்டு (ரங்கூன்)

தம்பி, இதுதான் விஷயமே! ஏன் அடியில இருந்து பாக்குறீங்க, அத சொல்லுங்க.

உளுந்துமூட்டை (ரங்கூன்)

அது வந்து, மேல் பக்கம் எப்பவும் நல்ல பருப்பாதான் இருக்கும்க்கா. அனுப்புறவங்க சில பேரு மேல இந்த வருஷத்துது போட்டுட்டு அடியில பழசு போடுவாங்க, பழசுன்னா தோல் மங்கி இருக்கும், வண்டு ஓட்டை இருக்கும். அதனால அப்பா சொல்லுவார், மூட்டை வாய பாக்காத, விலாவுல ஒரு குத்து, அடியில ஒரு குத்துன்னு. ஹார்டுவேர் கடையிலயும் நான் அதேதான் செய்றேன், மாசக் கடைசி எண்ணிக்கைக்கு முன் வரிசை பெட்டிய எண்ணாம பின் வரிசையில இருக்குறத எறக்குவேன். போன மழைக்காலத்துல ஆணி பெட்டி 6 குறைஞ்சது அப்படித்தான் தெரிஞ்சது, புக்குல சரியா இருந்துச்சு, முன்னாடி பாத்தாலும் அடுக்கு நிறைஞ்சுதான் தெரிஞ்சுச்சு, பின்னாடி காலி அட்டப்பெட்டி.

சரி இதெல்லாம் சேத்து எழுதிப் பாத்தேன், போடுறேன்:

"வணக்கம். குத்தூசின்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு? அது ஒரு இரும்பு குழா. எங்க தாத்தா காலத்துல இருந்து எங்க வீட்டுல இருக்கு. தாத்தா அத வச்சு பருப்பு பாப்பார். ஒரு வீசைக்கு எத்தன ஓட்ட பருப்புன்னு எண்ணுவார். அப்பா ரொம்ப கண்டிப்பானவர். ஒரு தடவ நான் அடியில குத்தாம விட்டதுக்கு அன்னிக்கு முழுசும் என்கிட்ட பேசல. அப்பா காலைல 5 மணிக்கு கடை தொறப்பார்..." இப்படியே போகுது, படிச்சு பாத்தேன் 2 நிமிஷம் 10 செகண்ட் வருது. எத வெட்டுறதுன்னு தெரியல, எல்லாமே நல்லா இருக்கு.

லெபெத்தட்டு (ரங்கூன்)

எல்லாமே நல்லா இருக்கு, அதுதான் பிரச்சனை. இத கேட்டு முடிச்சதும் எனக்கு மனசுல யார் நிக்குறாங்க? உங்கப்பா. அவருக்கு உடனே வேலை குடுத்துடுவேன்!

கோ மின்னல் சொன்ன 1933 விஷயம் உண்மைதான், ஆனா பாதிதான் சரி. வரிசையில வித்தியாசமா இருக்குற அந்த ஒரு அயிட்டம்தான் ஞாபகத்துல நிக்குது, அதோட ஒட்டி இருக்கணும்னு நீங்க நெனக்கிற மத்த விஷயம் நிக்கணும்னு கட்டாயம் இல்ல. உங்க பல்லி நின்னுச்சு, நீங்க என்ன படிச்சீங்க, என்ன வேலைன்னு அந்த கோர்ஸ்ல யாருக்காவது தெரியுமா? 1989ல அமெரிக்காவுல பாடப் புத்தகத்த வச்சு ஒரு ஆராய்ச்சி செஞ்சாங்க, பாடத்துக்கு நடுவுல சுவாரசியமான ஆனா முக்கியமில்லாத சேதிய சொருகுனா, படிக்கிறவங்களுக்கு முக்கியமான விஷயம் கம்மியாத்தான் ஞாபகம் இருக்குது. மசாலா தூக்கலா போனா கறி ருசி தெரியாத மாதிரி.

அதனால ஒரு கணக்கு வச்சுக்கங்க. பொருளுக்கு மூனே வாக்கியம். ஒன்னு அது எப்படி இருக்கும், கண்ணுக்கு தெரியுற மாதிரி. ரெண்டு, அத வச்சு உங்க கை என்ன செஞ்சுது. மூனு, அதுல நீங்க என்ன கண்டீங்க. அதுக்கு அடுத்த வாக்கியம் நேரா இந்த வேலைக்கு வந்துடணும். அந்த நாலாவது வாக்கியம் எழுத வரலன்னா பொருள் தப்புன்னு அர்த்தம், எவ்வளவு அழகா இருந்தாலும் தூக்கி போட்டுடுங்க. உங்களுக்கு அது ஏற்கனவே இருக்கு, அந்த 6 ஆணி பெட்டி. அத ஏன் ரெண்டாவதுல எழுதல?

தாத்தா, வீசைக்கு இத்தன ஓட்ட, அப்பா பேசாம இருந்தது எல்லாத்தையும் எடுத்து வச்சுக்கங்க, கேள்வி கேட்டா சொல்ல ஆகும். "தெரியுமா உங்களுக்கு"ன்னு ஆரம்பிக்காதீங்க, எதிர்ல உக்காந்திருக்குறவர் பருப்பு ஏற்றுமதி ஆளு, அவருக்கு நல்லாவே தெரியும்.

பகோபொண்ணு

நடுவுல வர்றேன் மன்னிக்கணும். எனக்கு ஒரு அனுபவம் இருக்கு இதுல, பாதி நல்லது பாதி கெட்டது. ரெண்டு வருஷம் முன்னாடி இங்க ஒரு ட்ரெய்னிங்ல முகத்துல பூச தனகா மரக்கட்டைய தேய்க்கிற கல்ல வச்சு அறிமுகம் சொன்னேன், பாட்டி குடுத்த கல்லு, தினம் காலைல கட்டைய தேச்சு தேச்சு நடுவுல குழி விழுந்துருச்சு, அப்படின்னு ரொம்ப உருக்கமா. ஒருத்தரும் நிமிந்துகூட பாக்கல. அப்புறம்தான் உறைச்சுது, அங்க இருந்த 20 பேர்ல பாதிக்கு மேல பொண்ணுங்க, எல்லார் வீட்டுலயும் அந்த கல்லு இருக்கு, எல்லார் கல்லுலயும் குழி இருக்கு.

அதே கதைய அடுத்த வருஷம் சென்னையில ஒரு கோர்ஸ்ல சொன்னேன். அங்க எல்லாரும் வாய பொளந்துகிட்டு கேட்டாங்க, ஆனா தனகான்னா என்ன, மரமா, மாவா, மஞ்சள் மாதிரியா, முகத்துல ஏன் பூசுறீங்கன்னு அத வெளக்குறதுக்குள்ளயே என் நேரம் முடிஞ்சு போச்சு. கோர்ஸ் முடியிற வரைக்கும் நான் பர்மா பவுடர் பொண்ணுதான். அதனால அண்ணாவோட குத்தூசி பருப்பு கம்பெனியில செல்லும், வேற எடத்துல செல்லுமான்னு எனக்கு சந்தேகம்தான்.

இன்னொன்னும் சொல்லணும். இங்க பெரியவங்க முன்னாடி நான் இத கண்டுபுடிச்சேன் அத புடிச்சேன்னு சொல்றது ஒரு மாதிரி இருக்காதா? பாமாக்காரங்க 'ஆனாடே' பாப்பாங்க இல்ல. நம்மள பத்தி நாமளே பேசுறது அவங்களுக்கே கூச்சமா இருக்கும்.

லெபெத்தட்டு (ரங்கூன்)

பகோபொண்ணு ரொம்ப கரெக்டா சொன்னீங்க. எதிர்ல இருக்குறவங்களுக்கு ரொம்ப பழக்கமா இருந்தாலும் நிக்காது, வெளக்கம் சொல்லித்தான் புரியும்னாலும் நிக்காது. சென்னையில நீங்க கல்லுன்னு மட்டும் சொல்லி, தேச்சு தேச்சு குழி விழுந்துச்சுன்னு நிறுத்தியிருந்தா போதும், கல்லும் தெரியும் குழியும் தெரியும். பேர சொன்னதாலதான் கேள்வி வந்துச்சு. பழக்கமான பொருள வச்சும் பொழைக்கலாம், ஆனா அப்ப பொருள்ல இல்ல, நீங்க அதுல செஞ்ச ஏதோ ஒன்னுல இருக்கணும் வித்தியாசம்.

கூச்சம் விஷயம் எனக்கும் உண்டு, ஒத்துக்குறேன். ஆனா கவனிச்சு பாருங்க, "நான் நேர்மையானவன்"தான் தற்பெருமை. "அடியில குத்தி பாக்க எங்கப்பா சொல்லி குடுத்தார், ஒரு தடவ காலி பெட்டி கெடச்சுது" அதுல பெருமை எங்க இருக்கு? புகழ்ற வார்த்தை ஒன்னுகூட இல்ல, நடந்ததுதான் இருக்கு. கேக்குறவங்க அவங்களாவே நேர்மைன்னு முடிவு பண்ணிக்குவாங்க. "புடிச்சேன்"ங்கறத "தெரிஞ்சுது"ன்னு மாத்திட்டா பாமாவுலயும் பணிவாத்தான் கேக்கும்.

கோ_மின்னல்

சரி ஒத்துக்குறேன் பல்லி கொஞ்சம் ஓவர்தான். (அந்த கோர்ஸ்ல என் வேலை என்னன்னு ஒருத்தருக்கும் தெரியாது, இப்பதான் ஃபோன் பண்ணி கேட்டேன். கஷ்டமா இருக்கு.)

ஆனா ஒரு ஐடியா, குத்தூசிய கையோட எடுத்துட்டு போயிடுங்க! பேசறப்ப டக்குன்னு பைலேர்ந்து எடுங்க. கண்ணால பாத்தா மறக்கவே மாட்டாங்க.

உளுந்துமூட்டை (ரங்கூன்)

ப்ரோ அது கூரான இரும்பு. வாசல்ல செக்யூரிட்டி பைய தொறந்து பாத்தா இன்டர்வியூ ரூமுக்கு இல்ல, நேரா ஸ்டேஷனுக்குத்தான் போவேன்.

கமாயுத் தாத்தா

ஊசி வேண்டாம், ஒரு கைப்பிடி உளுந்து சட்டைப்பையில போட்டுட்டு போ தம்பி. பழசு நாலு புதுசு நாலு. மேஜையில வச்சு காட்டு, இது எது அது எதுன்னு சொல்லு. வியாபாரிக்கு பருப்ப பாத்தா கை தானா நீளும். நான் பாத்திருக்கேன்.

லெபெத்தட்டு (ரங்கூன்)

தாத்தா சொல்றது அழகா இருக்கு, ஆனா எனக்கு மனசு ஒப்பல. ஒரு தடவ ஒரு பையன் மேஜையில ஒரு பொம்மைய வச்சுட்டு பேசுனான், நாங்க மூனு பேரும் அந்த பொம்மையவே பாத்துகிட்டு இருந்தோம், அவன் மூஞ்சி எனக்கு இப்பகூட ஞாபகம் வரல. வார்த்தையில சொன்னா கேக்குறவங்களே மனசுல படம் போட்டுக்குவாங்க, அது போதும்.

கமாயுத் தாத்தா

பொம்மை வேற பருப்பு வேற.

உளுந்துமூட்டை (ரங்கூன்)

இது முடிவாகாது போல. எனக்கு வேற ஒரு கொழப்பம். பேரு. ரிஜிஸ்டர்ல மின் னைங், வீட்டுல கோயில்ல எல்லாரும் முருகன்னுதான் கூப்புடுவாங்க. எத சொல்றது? ரெண்டையும் சொன்னா ரெண்டும் மறந்துடுவாங்களோ? தாத்தா குடை கதைய படிச்சதுல இருந்து பயமா இருக்கு, குத்தூசின்னு சொல்லி சொல்லி குத்தூசியாவே ஆயிடுவேனோன்னு.

லெபெத்தட்டு (ரங்கூன்)

நல்ல பயம்தான் அது. பேரு எல்லாருக்குமே மறக்கும், அதுவும் ஆராய்ச்சியில பாத்ததுதான். 1987ல இங்கிலாந்துல ஆளுங்க மூஞ்சி படத்த காட்டி செஞ்சாங்க, அங்க பேக்கர்னு ஒரு பேரும் உண்டு, ரொட்டி சுடுறவருக்கும் அதே வார்த்தைதான். இவர் பேரு பேக்கர்னு சொன்னா மறந்துட்டாங்க, இவர் ரொட்டி சுடுறவர்னு சொன்னா ஞாபகம் வச்சிருந்தாங்க. வார்த்தை ஒன்னுதான். ரொட்டி சுடுறவர்னா அடுப்பு, மாவு, வாசன எல்லாம் மனசுல வருது, பேருன்னா வெறும் சத்தம். நம்மூர்ல ஆசாரின்னு பேர் வச்சவரையும், தச்சு வேலை செய்யற ஆசாரியையும் நெனச்சு பாருங்க.

அதனால குத்தூசி நிக்கும், பேரு நழுவும், அது இயற்கை. நாம செய்ய முடிஞ்சது, பேர ஆரம்பத்துல ஒரு தடவ சொல்லிட்டு, கடைசியில அந்த வேலைய சொல்ற வாக்கியத்தோட ஒட்டி இன்னொரு தடவ சொல்றது. இன்டர்வியூவுக்கு ரிஜிஸ்டர் பேருதான், அவங்க கையில இருக்குற பேப்பர்ல அதான் இருக்கும், குத்தூசின்னு ஞாபகம் வந்து தேடுறப்ப அந்த பேர்லதான் தேடுவாங்க. முருகன்னு கோயில் பசங்க கூட்டத்துல சொல்லிக்கங்க.

பகோபொண்ணு

எனக்கு இதுல உடன்பாடு இல்லக்கா. நாம தமிழ் பேர எங்கதான் சொல்றது அப்ப? நான் ரெண்டையும் சொல்லுவேன். மறந்தா மறக்கட்டும்.

லெபெத்தட்டு (ரங்கூன்)

அது மனசு சம்பந்தப்பட்டதும்மா, நான் சொன்னது பேப்பர் சம்பந்தப்பட்டது. ரெண்டும் சரிதான்.

உளுந்துமூட்டை (ரங்கூன்)

முந்தாநாள் ராத்திரி முழுக்க உக்காந்து மூனாவது எழுதுனேன். பாமாவுல சத்தமா படிச்சு பாத்தேன், நிதானமா 50 செகண்ட் வருது:

"வணக்கம், நான் மின் னைங். 12 வயசுல எங்கப்பா பருப்பு கடையில என் கையில ஒரு இரும்பு குத்தூசி குடுத்தாங்க, ஒரு சாண் நீளம், முனை தேஞ்சு பளபளன்னு இருக்கும். வர்ற மூட்டையில விலாவுல ஒரு குத்து, அடியில ஒரு குத்து, உருண்டு வர்ற உளுந்த கையில வாங்கி பாக்குறது என் வேலை. மேல புதுசும் அடியில வண்டு ஓட்ட போட்ட பழசும் இருந்த மூட்டை அப்படித்தான் தெரிஞ்சுது. இப்ப ரெண்டு வருஷமா ஹார்டுவேர் கடையில ஸ்டாக் புக் எழுதுறேன், அங்கயும் மாசக் கடைசியில பின் வரிசை பெட்டியதான் மொதல்ல எறக்குவேன், போன மழைக்காலத்துல புக்குல இருந்து அடுக்குல இல்லாத 6 பெட்டி அதுலதான் தெரிஞ்சுது. பீகாமும் எல்சிசிஐ லெவல் 3யும் முடிச்சிருக்கேன். உங்க குடோன்ல புக்கும் மூட்டையும் ஒன்னா இருக்கான்னு பாக்குற ஆளா இருக்க ஆசப்படுறேன், மின் னைங்."

தங்கச்சிகிட்ட சொல்லி காட்டுனேன். மறுநாள் சாயந்திரம் கேட்டேன் என்ன ஞாபகம் இருக்குன்னு. ஊசி, பின்னாடி பெட்டி, ரெண்டும் சொன்னா. பீகாம் மறந்துட்டா.

லெபெத்தட்டு (ரங்கூன்)

மறுநாள் கேட்டீங்க பாருங்க, அதுதான் சரியான சோதனை. சொன்ன உடனே கேட்டா எல்லாருக்கும் எல்லாம் ஞாபகம் இருக்கும். அடுத்த தடவ வீட்டு ஆள வேண்டாம், உங்கள தெரியாத ஒருத்தர்கிட்ட சொல்லி பாருங்க. பீகாம் மறந்தா பரவால்ல, அது பேப்பர்ல இருக்கு.

இன்னும் ரெண்டு விஷயம். மறுபடியும் வட்டமா உக்கார வச்சா, உங்களுக்கு அடுத்து பேச வேண்டியவர் உங்கள கேக்கவே மாட்டார், அவர் தன்னோடத மனசுக்குள்ள ஓட்டி பாத்துகிட்டு இருப்பார். 1973லயே இத சோதிச்சிருக்காங்க, தன் முறை வர்றதுக்கு சற்று முன்னாடி பேசுனவர் சொன்னது அவ்வளவா நிக்கறதில்ல. அதனால பக்கத்துல இருக்குறவர பாத்து பேசாதீங்க, முடிவெடுக்குறவங்கள பாத்து பேசுங்க. முடிஞ்சா மொத ஆளா பேசிடுங்க.

அடுத்தது கேள்வி. நல்ல கொக்கி போட்டா மீன் இழுக்கும், இழுக்குறப்ப கையில நூல் இருக்கணும். ஈரத்த எப்படி கண்டுபுடிப்பேன்னு கேப்பாங்க. அந்த 6 பெட்டி அப்புறம் என்னாச்சுன்னு கண்டிப்பா கேப்பாங்க. என்ன சொல்லுவீங்க?

உளுந்துமூட்டை (ரங்கூன்)

ஈரம்னா பல்லுல கடிச்சு பாப்போம், காஞ்சதுன்னா டக்குன்னு உடையும், ஈரமா இருந்தா பல்லு பதியும், உடையாது. ஆனா அது ஒரு அளவுக்குத்தான், ஏற்றுமதிக்கு மெஷின்ல வச்சுத்தான் பாப்பாங்க, அதையும் சேத்து சொல்லிடுறேன்.

6 பெட்டி... அது கொஞ்சம் சங்கடம்க்கா. யார் எடுத்தாங்கன்னு தெரிஞ்சுது, ஆனா முதலாளி வெளிய சொல்ல வேண்டாம்னுட்டார்.

லெபெத்தட்டு (ரங்கூன்)

அப்ப "முதலாளிகிட்ட சொன்னேன், அவர் பாத்துகிட்டார்"னு நிறுத்திடுங்க. அதுக்கு மேல கேட்டாலும் சொல்லாதீங்க. பழைய எடத்து விஷயத்த சொல்றவன நானே எடுக்க மாட்டேன்.

கோ_மின்னல்

நான் இப்ப என்னோடத மாத்திட்டேன். மோட்டார்பைக் ரிப்பேர் பண்றேன், ஒவ்வொரு வண்டியிலயும் கழட்டுன போல்ட்ட தகர டப்பாவுல போடாம, கழட்டுன வரிசையிலயே ஒரு துணியில அடுக்கி வைப்பேன். இது ஓகேவா?

லெபெத்தட்டு (ரங்கூன்)

பல்லிய விட ஆயிரம் மடங்கு. என் வண்டிய உங்ககிட்டயே விடுறேன்.

உளுந்துமூட்டை (ரங்கூன்)

இன்டர்வியூ முடிஞ்சுது. நடந்தத சொல்றேன். மூனு பேரு இருந்தாங்க. நான் "அடியில ஒரு குத்து"ன்னு சொன்னதும் நடுவுல இருந்த பெரியவர் பேனாவ கீழ வச்சுட்டு நிமிந்தார். எல்லாம் நல்லா போச்சு, ஆனா பதட்டத்துல கடைசியில பேர சொல்ல மறந்துட்டேன். அதுதான் எரிச்சலா இருக்கு, அதுக்குத்தான் இவ்ளோ பேசுனோம்.

அக்கா சொன்ன மாதிரியே ஈரம் கேட்டாங்க, சொன்னேன். 6 பெட்டி கேக்கவே இல்ல. ஆனா யாரும் யோசிக்காத ஒன்னு கேட்டார் அந்த பெரியவர், "எங்க குடோன்ல ஆயிரக்கணக்குல மூட்டை இருக்கு தம்பி, எல்லாத்தையும் குத்துவியா"ன்னு. தெகச்சு போயிட்டேன். எங்க கடையில ஒரு லோடுல பத்துக்கு ஒன்னு குத்துவோம், சந்தேகம் வந்தா எல்லாத்தையும் குத்துவோம், அதைத்தான் சொன்னேன். சிரிச்சார். நல்ல சிரிப்பா வேற சிரிப்பான்னு தெரியல. பதில் அடுத்த வாரம் வருமாம்.

எழுந்து வர்றப்ப அவர் முன்னாடி இருந்த பேப்பர ஓரக்கண்ணால பாத்தேன். எங்க எல்லார் பேரும் வரிசையா அடிச்சிருந்துச்சு, என் பேருக்கு நேரா மட்டும் கையால 'அப்'னு எழுதியிருந்தார், பாமாவுல ஊசி.

கமாயுத் தாத்தா

பேருக்கு நேராத்தான எழுதியிருக்கார். எனக்கு அந்த ரசீதுல பேரே இல்ல தம்பி. உளுந்து எடுத்துட்டு போனியா இல்லையா, அத சொல்லு.

உளுந்துமூட்டை (ரங்கூன்)

சட்டைப்பையில எட்டு இருந்துச்சு தாத்தா. வெளிய எடுக்கல.